செங்டு உணவக மெனுவைப் படம்பிடித்துப் புரிந்துகொள்ள: சொல்லையும் தாண்டித் தட்டில் வருவதை விளக்கும் முழுமையான வழிகாட்டி

சீனாவின் சிச்சுவான் மாகாணத் தலைநகரான செங்டுவில் ஒரு சாதாரண உணவகத்துக்குள் போய், மெனுவைக் கைபேசிக் கேமராவில் காட்டினால் திரையில் இப்படிப்பட்ட வரிகள் வரும்: ‘கணவன் மனைவி நுரையீரல் துண்டுகள்’, ‘எறும்பு மரம் ஏறுகிறது’, ‘தண்ணீரில் வேகவைத்த மீன்’, ‘மீன் மணக் கத்தரிக்காய்’, ‘புலித்தோல் பச்சை மிளகாய்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் இவை எல்லாமே சரியான மொழிபெயர்ப்புகள். ஆனால் முதலாவதில் நுரையீரல் பெரும்பாலும் இருக்காது. இரண்டாவதில் எறும்பு கிடையாது. மூன்றாவது, பத்தியச் சாப்பாடு போலத் தெரிந்தாலும் அந்த மெனுவிலேயே மிகக் காரமானவற்றுள் ஒன்று. நான்காவதில் மீன் இல்லை, ஆனால் பெயரில் இல்லாத பன்றிக் கொத்துக்கறி இருக்கலாம். ஐந்தாவதைத்தான் சைவ உணவுக்காரர் தயங்காமல் முதலில் கேட்க வேண்டும், பெயரைப் பார்த்து அதை அவர் தாண்டிப் போய்விடுகிறார்.

ஆகவே உடன் வந்தவர்களுக்கு மெனுவைப் படித்துச் சொல்பவரின் வேலை, ஒவ்வொரு உணவிலும் என்ன இருக்கிறது, எப்படிச் சமைத்தது, எப்படி மேசைக்கு வரும் என்பதைச் சொல்வது. இதைச் செங்டுவை வைத்தே விளக்குகிறேன். சீன உணவுப் பெயர்களுக்கு ஓர் உள்ளமைப்பு உண்டு. அது பிடிபட்டுவிட்டால் மெனுவில் பாதி தானாகத் திறந்துகொள்ளும்.

புறப்படுவதற்கு முன்

கூகுளின் சேவைகள் சீனப் பெருநிலத்தில் வழக்கமான இணைய இணைப்பில் திறக்காது. அங்கே இயங்கிவந்த மொழிபெயர்ப்புச் சேவையையும் கூகுள் 2022-இல் நிறுத்திவிட்டது. அதனால் கூகுள் மொழிபெயர்ப்புச் செயலியையே பயன்படுத்துவதாக இருந்தால், எளிமைப்படுத்தப்பட்ட சீன மொழிக்கான கோப்பை ஊரிலேயே தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இணையம் இல்லாமலும் கேமரா மொழிபெயர்ப்பு வேலை செய்யும். Pleco என்னும் சீன அகராதிச் செயலியும் கையில் இருக்கட்டும். இணையம் இல்லாமலேயே ஒவ்வோர் எழுத்தின் பொருளையும் தனித்தனியாகப் பார்க்கலாம். பின்னால் சொல்லப்போகும் வேலைக்கு அதுதான் முக்கியம். சீனர்கள் எல்லாரும் வைத்திருக்கும் WeChat செயலியின் ஸ்கேன் பகுதியிலும் படத்தை மொழிபெயர்க்கும் வசதி உண்டு.

சீனத்திலிருந்து நேரே தமிழுக்கு மாற்றச் சொல்லாமல், ஆங்கிலத்தில் பார்த்துவிட்டு நீங்களே தமிழில் சொல்வது நல்லது என்பது என் கருத்து. சீனம்–தமிழ் மாற்றத்தில் பெரும்பாலும் ஆங்கிலம் இடையில் நின்றுதான் வேலை செய்கிறது. முதல் மாற்றத்தில் நேரும் பிழை இரண்டாவதில் இன்னும் வளர்ந்துவிடும், எந்த இடத்தில் பிழை நேர்ந்தது என்பதும் தெரியாமல் போகும்.

படம் எடுப்பது

கேமராவை மெனுவின் மேல் ஆட்டிக்கொண்டே நேரலையாகப் படிப்பதைத் தவிருங்கள். எழுத்துகள் திரையில் மாறிக்கொண்டே இருக்கும், மூலமும் மறைந்துவிடும். நிலையான படம் எடுத்து, அதை மொழிபெயர்க்கச் சொல்லுங்கள். மூலப்படம் கையில் இருந்தால்தான் பணியாளரிடம் விரலை வைத்துக் காட்ட முடியும், கடைசியில் பில்லோடும் ஒப்பிட முடியும்.

முழுப் பக்கத்தை ஒரே படத்தில் அடைக்க வேண்டாம். ஒரு பத்தியையும் அதன் தலைப்பையும் விலைகளையும் சேர்த்து ஒரு படம் போதும். தலைப்பை விட்டுவிடாதீர்கள். 凉菜 என்றால் குளிர்ந்த நிலையில் வருபவை, 热菜 சூடானவை, 汤 சூப், 主食 சோறு, நூடுல்ஸ் போன்றவை. ஒரு கோழி உணவு 凉菜 என்பதன் கீழ் இருந்தால் அது ஆறிய நிலையில்தான் வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். இதைச் சொல்லாவிட்டால் ‘ஆறிப்போனதைக் கொடுத்துவிட்டார்கள்’ என்று மேசையில் ஒருவராவது வருத்தப்படுவார்.

பிளாஸ்டிக் உறையிட்ட பக்கத்தில் விளக்கொளி பளிச்சிட்டால் மெனு அட்டையைச் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். சுவரில் மரப்பலகைகளாகத் தொங்கும் பெயர்களைப் பலகைக்கு ஒரு படமாக எடுங்கள். தூரிகையால் எழுதிய எழுத்தும் கரும்பலகைக் கையெழுத்தும் செயலிக்குப் பெரும்பாலும் பிடிபடாது. அப்போது பணியாளரிடம் கைபேசியைக் கொடுத்து அந்தப் பெயரைத் தட்டச்சு செய்து தரச் சொல்வதே விரைவான வழி. மேசையில் ஒட்டியிருக்கும் கியூஆர் குறியை வைத்துத்தான் ஆர்டர் செய்ய வேண்டும் என்றால் கைபேசித் திரையை அப்படியே படமாகப் பிடித்துக்கொள்ளலாம். அது அச்சு மெனுவைவிட வசதி, ஏனென்றால் பெரும்பாலும் உணவின் படமும் இருக்கும்.

படித்தது சரிதானா என்று பார்ப்பது

மொழிபெயர்ப்பைப் படிக்கும் முன், செயலி எழுத்துகளைச் சரியாக வாசித்ததா என்று பார்க்க வேண்டும். சீனம் தெரியாதவரும் இதைச் செய்யலாம். படத்தில் ஒரு பெயருக்கு நான்கு எழுத்து இருந்தால், செயலி பிரித்தெடுத்த பெயரிலும் நான்கு இருக்க வேண்டும். மூன்று இருந்தால் ஏதோ ஒன்றை விழுங்கிவிட்டது. அடுத்து, ஒன்றைப்போல் ஒன்று தோன்றும் எழுத்துகள். மாட்டைக் குறிக்கும் 牛 எழுத்தின் செங்குத்துக் கோடு மேலே நீட்டிக்கொண்டிருக்கும். அது மறைந்துவிட்டால் நண்பகலைக் குறிக்கும் 午 ஆகிவிடும். உணவின் பெயரில் ‘நண்பகல்’ என்று வந்தால் மாட்டிறைச்சியோ என்று சந்தேகப்படுங்கள். அதேபோல் கொத்துக்கறியைக் குறிக்கும் 末 எழுத்தை ‘இன்னும் இல்லை’ என்று பொருள்படும் 未 என்று செயலி வாசித்துவிடலாம். பொருள் பொருந்தாமல் ஒரு வரி வந்தால், அந்த ஒரு பெயரை மட்டும் நெருக்கமாக மீண்டும் படம் எடுங்கள்.

பெயரைப் பிரிப்பது

இந்த வேலையின் நடுமையம் இதுதான். சிச்சுவான் மெனுவில் வரும் பெயர்களை மூன்று வகையாகப் பார்க்கலாம். ஒவ்வொரு வகைக்கும் விளக்கும் முறை வேறு.

முதல் வகை, உள்ளதை உள்ளபடி சொல்பவை. பொருள், வெட்டிய விதம், சமைத்த முறை என்பவை பெயரிலேயே இருக்கும். 番茄炒蛋 என்றால் தக்காளி, வதக்கல், முட்டை. 酸辣土豆丝 என்றால் புளிப்பு, காரம், உருளைக்கிழங்கு, மெல்லிய கீற்று. இங்கே கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 丝 என்றால் தீக்குச்சி அளவுக்கு மெல்லிய கீற்றுகள், 片 வில்லைகள், 丁 சிறு சதுரங்கள், 块 பெரிய துண்டுகள். கோழியில் 块 என்று வந்தால் பெரும்பாலும் எலும்போடு வெட்டியிருப்பார்கள். குழந்தைக்கும் முதியவருக்கும் உணவு தேர்ந்தெடுக்கும்போது இந்த ஓர் எழுத்து பயன்படும். இந்த வகைக்குச் சொல் மொழிபெயர்ப்பே ஏறக்குறையப் போதும். உருளைக்கிழங்குக் கீற்று குழையாமல், கடித்தால் நறுக்கென்று இருக்கும்படி வரும் என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் சரி. அது வேகாமல் வந்ததன்று, அதன் பக்குவமே அப்படி.

இரண்டாம் வகையில்தான் மொழிபெயர்ப்பு அதிகமாகத் தடுமாறுகிறது. இவற்றில் ஒரு சுவைக் கலவையோ சமையல் முறையோ மரபான பெயரால் குறிக்கப்படுகிறது. 鱼香 (யூ ஷியாங்) என்பது நேர்ப்பொருளில் மீன் மணம். ஆனால் அது ஊறவைத்த சிவப்பு மிளகாய், இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள், சர்க்கரை, வினிகர் சேர்ந்த ஒரு கலவையின் பெயர். மீன் சமைக்கச் சேர்க்கும் மசாலா என்பதால் அந்தப் பெயர் வந்தது. இதே கலவையில் கத்தரிக்காயும் வரும், பன்றி இறைச்சிக் கீற்றும் வரும். 水煮 (ஷுவெய் ஜூ) என்பது தண்ணீரில் வேகவைத்தது. உண்மையில் நடப்பது வேறு: மெல்லிய மீன் அல்லது மாட்டிறைச்சி வில்லைகளைக் காரக் குழம்பில் வேகவைத்து, அடியில் காய்கறியைப் பரப்பிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே காய்ந்த மிளகாயும் சிச்சுவான் மிளகும் குவித்து, கொதிக்கும் எண்ணெயை அதன்மேல் விடுவார்கள். 干煸 (கான் பியென்) என்பது பச்சைக் காயின் நீர் வற்றித் தோல் சுருங்கும்வரை எண்ணெயில் புரட்டுவது. இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் செங்டுவில் பல வேளைகள் ஓட்டிவிடலாம்.

மூன்றாம் வகை, கதையாலோ உருவத்தாலோ பெயர் பெற்றவை. இவற்றை எழுத்து எழுத்தாகப் பிரித்துப் பயனில்லை. முழுப் பெயரையும் நகலெடுத்துப் படத்தோடு தேட வேண்டும். சீனாவின் உணவகத் தளமான 大众点评 செயலியில் அந்தக் கடையின் பக்கத்துக்குப் போனால், வாடிக்கையாளர்கள் எடுத்த உணவுப் படங்கள் பெயரோடு இருக்கும். அதே கடையின் அதே தட்டைப் பார்ப்பதற்கு இணையான விளக்கம் வேறில்லை.

கதையை எப்போது சொல்வது? அது தட்டில் உள்ளதை விளக்கினால் மட்டும் சொல்லுங்கள். 蚂蚁上树 என்னும் எறும்பு மரமேறும் உணவில், கண்ணாடி நூடுல்ஸின் இழைகளில் பன்றிக் கொத்துக்கறியின் பொடித் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். எறும்பு அந்தத் துகள்கள்தான். இதைச் சொன்னவுடன் சைவக்காரருக்கும் வேண்டிய செய்தி கிடைத்துவிடுகிறது. 夫妻肺片 என்பது 1930-களில் செங்டுவில் ஒரு தம்பதி விற்றுப் பெயர் வாங்கியது. மாட்டிறைச்சியையும் மாட்டின் குடல், நாக்கு போன்ற உறுப்புகளையும் மெல்லிய வில்லைகளாக நறுக்கி, ஆறிய நிலையில் மிளகாய் எண்ணெயில் தருவார்கள். தம்பதியின் கதையைச் சொல்லிவிட்டு மாடு என்பதைச் சொல்லாமல் விட்டால் விளக்கியவர் தம் கடமையைச் செய்யவில்லை.

2008 ஒலிம்பிக் போட்டியை ஒட்டி பெய்ஜிங் நகர நிர்வாகமும் இதே சிக்கலைத்தான் சந்தித்தது. மெனுக்களுக்கான பரிந்துரைப் பெயர்களைத் தொகுத்தபோது, கணவன் மனைவி நுரையீரலுக்குப் பதில் மிளகாய்ச் சாற்றில் மாட்டிறைச்சியும் குடலும் என்ற பொருளில் பெயர் கொடுத்தார்கள். பொருள் எது, முறை எது என்பதை முன்னே வைத்துப் பெயரிடும் அந்த அணுகுமுறை உங்கள் விளக்கத்துக்கும் பொருந்தும்.

பெயரில் இல்லாததைக் கண்டுபிடிப்பது

உணவின் பெயர் முதன்மைப் பொருளைத்தான் சொல்லும். கூடச் சேர்வதைச் சொல்லாது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு உண்மையான இடர்ப்பாடு இங்கேதான்.

மெனுவில் வெறும் 肉 என்று இருந்தால் அது பன்றி இறைச்சி. மற்ற விலங்குகளுக்குத்தான் முன்னே அடைமொழி வரும்: 牛肉 மாடு, 羊肉 ஆடு. செயலி 肉丝 என்பதை ‘இறைச்சிக் கீற்று’ என்று மொழிபெயர்த்துவிட்டு நின்றுவிடும். நீங்கள் அங்கே பன்றி என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். 田鸡 என்பதைச் செயலி ‘வயல் கோழி’ என்று காட்டக்கூடும். அது தவளை. 血 என்ற எழுத்து எங்கே வந்தாலும் இரத்தம். உறையவைத்த வாத்து அல்லது பன்றி இரத்தம் கட்டியாக, பார்ப்பதற்குக் கருஞ்சிவப்புத் தோஃபு போல வரும்.

தலைப்புகளில் மிகவும் ஏமாற்றுவது 素菜. செயலி இதைச் ‘சைவ உணவுகள்’ என்று காட்டும். சாதாரண உணவகத்தில் அதற்குப் பொருள், காய்கறி முதன்மையாக உள்ளவை என்பது மட்டும்தான். அதன் கீழுள்ள 干煸四季豆 என்னும் பீன்ஸ் வதக்கலில் பன்றிக் கொத்துக்கறி சேர்ப்பது வழக்கம். மாப்போ தோஃபுவின் (麻婆豆腐) செங்டு மரபில் சேர்வது மாட்டுக் கொத்துக்கறி. 上汤 என்று தொடங்கும் கீரை உணவுகள் கோழியும் பன்றியும் கொதித்த சாற்றில் மிதந்து வரும். எதுவும் சேராததுபோல் தோன்றும் கீரை வதக்கலிலும் பன்றிக் கொழுப்போ, 鸡精 என்னும் கோழிச்சாற்றுப் பொடியோ, சிப்பிச் சாறோ இருக்கலாம். சமையல்காரரின் கணக்கில் இவை இறைச்சி அல்ல, சுவையூட்டிகள். அதனால் ‘இதில் இறைச்சி உண்டா’ என்று பொதுவாகக் கேட்டால் ‘இல்லை’ என்ற பதில் நேர்மையாகவே வரும். ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

இதற்காக ஓர் அட்டையைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்:

```
我吃素。不吃肉、鱼、海鲜、鸡蛋。
请用植物油炒。
不放：肉末、猪油、高汤、鸡精、蚝油。
```

முதல் வரி, நான் சைவம், இறைச்சி, மீன், கடலுணவு, முட்டை உண்பதில்லை என்கிறது. இரண்டாவது, தாவர எண்ணெயில் வதக்கச் சொல்கிறது. மூன்றாவது, கொத்துக்கறி, பன்றிக் கொழுப்பு, இறைச்சிச் சாறு, கோழிப் பொடி, சிப்பிச் சாறு ஆகியவற்றைச் சேர்க்க வேண்டாம் என்கிறது. முட்டை சாப்பிடுபவர் முதல் வரியில் 、鸡蛋 என்பதை நீக்கிவிடலாம். குறிப்பிட்ட ஓர் உணவைப் பற்றிக் கேட்க, மெனுவில் அதைத் தொட்டுக்காட்டி இதை நீட்டுங்கள்:

```
这个菜里有肉末吗？
可以不放吗？
```

‘இதில் கொத்துக்கறி உண்டா? போடாமல் செய்ய முடியுமா?’ என்பது இதன் பொருள். பதிலில் 没有 என்றால் இல்லை, 可以 என்றால் முடியும், 不行 என்றால் முடியாது. உடனுக்குடன் வாணலியில் புரட்டுபவற்றில் கொத்துக்கறியை விட்டுவிடுவது எளிது. முன்கூட்டியே கலந்து வைத்த குளிர் உணவுகளிலும், நெடுநேரம் கொதித்த குழம்புகளிலும் எதையும் நீக்க முடியாது. அவற்றைப் பற்றிக் கேட்டு நேரத்தைச் செலவிடாமல் வேறொன்றுக்குப் போய்விடுங்கள்.

அட்டை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வாணலியும் கரண்டியும் பொதுதான். அதை ஏற்க முடியாதவருக்குச் செங்டுவில் உள்ள வென்ஷு மடாலயத்தின் சைவ உணவகம் போன்ற இடங்களே சரி. அங்கே போனால் செயலி நேரெதிராகப் பயமுறுத்தும்: மெனு முழுக்கக் கோழி, மீன், இறைச்சி என்று காட்டும். எல்லாம் சோயா, காளான் முதலியவற்றால் அந்த உருவத்தில் செய்தவை. பௌத்த மடாலய முறையில் பூண்டும் வெங்காயமும்கூடத் தவிர்க்கப்படும்.

விளக்கத்தை எழுதுவது

இனி ஒரு மேசையை எடுத்துக்கொள்வோம். அம்மா முட்டையும் சாப்பிடாத சைவம். அப்பா கோழியும் மீனும் சாப்பிடுவார், மாடும் பன்றியும் கூடாது. பத்து வயது மகளுக்குக் காரம் ஆகாது. நீங்கள் எதையும் சாப்பிடுவீர்கள். மெனுவில் அறுபது பெயர்கள் இருந்தாலும் அறுபதையும் விளக்க வேண்டியதில்லை. முதலில் மற்ற மூவரில் ஒருவருக்கும் ஆகாதவற்றை மனத்துக்குள் கழித்துவிட்டு, மிஞ்சியவற்றில் ஏழெட்டை மட்டும் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாக்கியம் போதும். என்ன பொருள், மறைந்திருப்பது என்ன, எப்படிச் சமைத்தது, சுவை எப்படி, எந்த நிலையில் வரும் என்ற வரிசையில் வந்தால் கேட்பவர் தானே முடிவெடுத்துவிடுவார்.

மீன் மணக் கத்தரிக்காய் (鱼香茄子): ‘மீன் கிடையாது. கத்தரிக்காயை எண்ணெயில் பொரித்து, ஊறுமிளகாய், இஞ்சி, பூண்டு, வினிகர், சர்க்கரை சேர்த்த கெட்டியான சாற்றில் புரட்டித் தருவார்கள். புளிப்பும் இனிப்பும் முதலில் தெரியும், காரம் பின்னால் வரும், சோற்றோடு நன்றாகப் போகும். பன்றிக் கொத்துக்கறி போடுவது உண்டு, வேண்டாமென்று சொல்லிவிட்டால் அம்மாவுக்கு ஆகும்.’

புலித்தோல் பச்சை மிளகாய் (虎皮青椒): ‘முழுப் பச்சை மிளகாயைத் தோலில் பழுப்புத் திட்டுகள் விழும்வரை வாணலியில் சுட்டு, சோயா சாறு, வினிகர், சர்க்கரை சேர்ப்பது. அந்தத் திட்டுகள்தான் புலித்தோல். வழக்கமாக இறைச்சி சேராது. மிளகாய்க்கு மிளகாய் காரம் மாறும்.’

உமிழ்நீர்க் கோழி (口水鸡): ‘நாவில் நீர் ஊறவைக்கும் கோழி என்று பொருள். தண்ணீரில் வேகவைத்து ஆறவிட்ட கோழியை எலும்போடு வெட்டி, மிளகாய் எண்ணெயும் எள்ளும் வேர்க்கடலையும் சேர்த்து ஊற்றியது. குளிர்ச்சியாகத்தான் வரும். அப்பாவுக்கு ஆகும், மகளுக்கு வேண்டாம்.’

மாப்போ தோஃபு: ‘மிருதுவான தோஃபுவைப் புளிக்கவைத்த அவரைப் பருப்பு மிளகாய் விழுதில் கொதிக்கவிட்டது. மாட்டுக் கொத்துக்கறி இல்லாமல் செய்து தர முடியுமா என்று கேட்கலாம். விழுது தாவரப் பொருள்தான். காரத்தோடு நாக்கு மரத்துப்போகும்.’

மரத்துப்போவதைப் பற்றி முன்கூட்டியே சொல்வது அவசியம். மெனுவில் 麻 என்ற எழுத்தைச் செயலி ‘உணர்விழப்பு’ என்றோ ‘சணல்’ என்றோ காட்டும். அது சிச்சுவான் மிளகு தரும் உணர்ச்சி. இந்த மிளகு நம் கருமிளகுக்கு உறவில்லை. கொங்கண் கடற்கரையில் மீன் குழம்பில் போடும் திர்பளின் இனத்தைச் சேர்ந்தது. உதடும் நாக்கும் துடிப்பதுபோல் சில நிமிடங்கள் இருந்துவிட்டுத் தணியும். இதை அறியாதவர் ஒவ்வாமை வந்துவிட்டது என்று பதறுவார். ஆனால் தொண்டை இறுகினாலோ, மேலெல்லாம் தடித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அது மிளகின் வேலை அல்ல. வேர்க்கடலை, எள் ஒவ்வாமை உள்ளவர் இந்த ஊரில் மெனு விளக்கத்தை மட்டும் நம்பி எதையும் சாப்பிடக் கூடாது. இரண்டும் பெயரில் தெரியாமல் பல குளிர் உணவுகளில் சேர்கின்றன.

மகளுக்குத் தக்காளி முட்டை வதக்கல். அதில் காரம் கிடையாது, சற்று இனிப்பாக இருக்கும். ‘குறைந்த காரம்’ என்னும் 微辣 தேர்வைக் குழந்தைக்காக நம்ப வேண்டாம். செங்டுவின் குறைந்த காரமே பெரியவர்களைத் தண்ணீர் தேட வைக்கும். 不辣, அதாவது காரமே வேண்டாம், என்பதைக் காட்டுங்கள். அப்படிக் காட்டினாலும் காரமே அடித்தளமாக உள்ள உணவு மாறாது. ஆகவே இயல்பிலேயே காரமில்லாததைத் தேர்ந்தெடுப்பதே வழி.

தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லாதீர்கள். ஒரு பெயர் கடைசிவரை பிடிபடவில்லை என்றால், ‘இது கோழி என்பதுவரை தெரிகிறது, சாறு எதனால் ஆனது என்று தெரியவில்லை’ என்று பிரித்துச் சொல்லுங்கள். ‘ஏதோ கோழிக் குழம்பு’ என்று மூடி மறைத்துச் சொன்னால், கேட்பவர் அதை உறுதி என்றே எடுத்துக்கொள்வார்.

விலையும் அளவும்

விலைக்குப் பக்கத்தில் உள்ள சிறிய எழுத்தை மொழிபெயர்க்காமல் ஆர்டர் செய்யக் கூடாது. 份 என்றால் ஒரு தட்டு. 位 என்றால் ஆளுக்கு. 斤 என்றால் 500 கிராம். 两 என்றால் 50 கிராம். 时价 என்றால் அன்றைய சந்தை விலை. மீன் பெரும்பாலும் 斤 கணக்கில் விற்கப்படும், செயலி அந்த எழுத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் காட்டிவிடலாம். உதாரணமாக 68元/斤 என்று இருக்கும் மீன், தொட்டியில் பிடித்து எடைபோட்டால் 1.2 கிலோ என்று வைத்துக்கொள்வோம். அது 2.4 斤, ஆக விலை 163.2 யுவான். 68 என்று நினைத்து உட்கார்ந்தவருக்கு இது அதிர்ச்சி. சமைப்பதற்கு முன் மீனைக் காட்டி எடை சொல்வது வழக்கம், அந்த எண்ணைக் கைபேசியில் தட்டச்சு செய்து காட்டச் சொல்லுங்கள். ஹாட்பாட் கடையாக இருந்தால் 锅底 என்று தனி வரி இருக்கும். அது கொதிக்கும் சாற்றுக்கான கட்டணம், உள்ளே போடுபவை தனி.

சிச்சுவானில் தட்டுகள் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளப்படும். நான்கு பேருக்கு நான்கு அல்லது ஐந்து தட்டும் சோறும் போதும். சைவக்காரரின் தட்டுக்குத் தனிக் கரண்டி கேட்டு அவர் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டு வந்த பிறகு

அட்டையைக் காட்டினோம் என்பதற்காகச் சோதிக்காமல் விடக் கூடாது. கொத்துக்கறி பழுப்புத் துகள்களாகச் சாற்றில் தெரியும். தோஃபுவின் மேலும் பீன்ஸின் இடுக்கிலும் முதலில் பாருங்கள். பீன்ஸில் யாத்சாய் என்னும் கடுகுத்தண்டு ஊறுகாயும் அதே நிறத்தில் பொடியாக இருக்கும். ஒரு துகளைக் குச்சியால் அழுத்திப் பாருங்கள்: நார்போல் நசுங்கினால் ஊறுகாய், உருண்டு விலகினால் பெரும்பாலும் இறைச்சி. சந்தேகம் தீரவில்லை என்றால் தொடாமல் பணியாளரைக் கூப்பிட்டு, மேலே உள்ள கேள்வியையே மறுபடி காட்டுங்கள். பன்றிக் கொழுப்பு சூட்டில் கண்ணுக்குத் தெரியாது. தட்டு ஆறும்போது ஓரத்தில் வெண்மையாக உறைந்தால்தான் தெரியும்.

பில் வந்ததும் அதில் உள்ள சீனப் பெயர்களை உங்கள் மூலப்படத்தோடு எழுத்து எழுத்தாகப் பொருத்திப் பாருங்கள். மீனின் வரியில் எடையும் சரிதானா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.